டாட் எங்கே போனது?

பழைய செய்தித்தாள் ஒன்றை வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து நடுப்புள்ளி வரை நேராக ஒரு வெட்டு வெட்டுங்கள். வெட்டிய இரண்டு விளிம்புகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தால், தட்டையாகக் கிடந்த தாள் நடுவில் எழும்பிக் கூம்பாகிவிடும். இன்னொரு தாளை எடுத்து வேறு பக்கத்திலிருந்து நடுப்புள்ளி வரை வெட்டி, அதே அளவு ஏற்றிப் பிடியுங்கள். அதே கூம்புதான் வரும். வெட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது கூம்புக்குத் தெரியாது. மடிப்பு நடுப்புள்ளி வரை போயிருக்கிறதா, எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற இரண்டு மட்டும்தான் அதற்குக் கணக்கு.

தையல் வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். ஜாக்கெட்டில் பிடிக்கிற டாட் இதே மடிப்பு. துணி தட்டை, உடம்பு மேடு. மேட்டின் உச்சியை நோக்கித் துணியில் ஒரு ஆப்பு வடிவத்தை மடித்துத் தைத்தால் அங்கே துணி எழும்பி இடம் கொடுக்கும். அந்த உச்சியைத் தையல்காரர்கள் பாயிண்ட் என்பார்கள். கடையில் அளவு எடுக்கும்போது தோளிலிருந்து பாயிண்ட் வரை டேப் பிடிக்கிறார்களே, அது இதற்காகத்தான்.

பிரின்சஸ் கட் ஜாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள், "இதில் டாட்டே இல்லையே, எப்படிப் பொருந்துகிறது?" என்று கேட்பதுண்டு. டாட் இருக்கிறது. அது இடம் மாறி, நீளத் தையலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எப்படிப் போனது என்பதை ஒரு முன்பாகப் பேட்டர்னை வைத்தே பார்த்துவிடலாம்.

மார்புச் சுற்று 36 அங்குலம் உள்ள ஒருவருக்கு வரைந்த முன்பாகம் என்று வைத்துக்கொள்வோம். தோளின் நடுவிலிருந்து பாயிண்டுக்கு 10 அங்குலம். பாயிண்டிலிருந்து நேர் கீழே இடுப்பு விளிம்புக்கு 5 அங்குலம். அந்த விளிம்பில் டாட்டின் வாய் ஒன்றரை அங்குலம். இந்த டாட்டைத் தோளுக்கு மாற்றினால் அங்கே வாய் எவ்வளவு இருக்கும்? கேட்டால் பெரும்பாலோர் ஒன்றரை என்றுதான் சொல்வார்கள். வருவது மூன்று அங்குலம்.

பாயிண்டைத் திறந்து வைத்த ஒரு விசிறியின் ஆணியாக நினைத்துக்கொண்டால் இது புரிந்துவிடும். விசிறி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது ஒன்றுதான். ஆணிக்குப் பக்கத்தில் அளந்தால் இடைவெளி சிறிதாகவும், ஓரத்தில் அளந்தால் பெரிதாகவும் இருக்கும். இடுப்பு விளிம்பு பாயிண்டிலிருந்து 5 அங்குலத்தில் இருக்கிறது, தோள் 10 அங்குலத்தில். தூரம் இரட்டித்ததால் வாயும் இரட்டித்தது. மாறாமல் இருப்பது கோணம். டாட்டை இடம் மாற்றும்போது டேப்பை வைத்துப் பழைய அகலத்தையே புது இடத்திலும் வரைகிறவர்களுக்கு ஜாக்கெட் ஒன்று பிடிக்கும், இல்லையென்றால் தொளதொளக்கும். அதனால் அகலத்தைக் கணக்குப் போட்டு வரைய வேண்டாம். பேப்பரையே திருப்பிவிட்டால் சரியான அகலம் தானாக வந்துவிடும்.

திருப்புவது இப்படி. முதலில் பேட்டர்னை வேறொரு பிரவுன் பேப்பரில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். தையலுக்கு விடுகிற துணி அந்த நகலில் இருக்கக் கூடாது, சுத்தமான தையல் கோடு மட்டும் இருக்க வேண்டும். தைக்கும்போது டாட்டின் நுனியைப் பாயிண்டுக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிடுவோம், மார்பு கூராகத் தெரியாமல் இருப்பதற்காக. பேப்பரைத் திருப்பும்போது அப்படி நிறுத்தக் கூடாது. டாட்டின் வாயிலுள்ள இரண்டு புள்ளிகளிலிருந்தும் பாயிண்ட் வரைக்கும் கோடு போட வேண்டும். அடுத்ததாக, டாட் எங்கே வர வேண்டுமோ அந்த இடத்திலிருந்து பாயிண்டுக்கு ஒரு புதுக் கோடு. புதுக் கோட்டின் வழியாகக் கத்தரித்து, பாயிண்டில் ஒரு மயிரிழை பேப்பரை விட்டு நிறுத்துங்கள். பழைய டாட்டின் இரண்டு கோடுகளையும் சேர்த்து டேப் ஒட்டி மூடினால் புதுக் கோடு தானே வாய் திறக்கும். பேப்பர் மேசைமேல் தட்டையாகப் படிந்து கிடந்தால் வேலை சரி. எங்காவது தூக்கிக்கொண்டு நின்றால், இரண்டு கோடுகளில் ஒன்று பாயிண்டைச் சரியாகத் தொடவில்லை.

இதுதான் பிரின்சஸ் கட்டுக்கும் அடிப்படை. நம் முன்பாகத்தில் இடுப்பு டாட்டோடு பக்கவாட்டுத் தையலிலிருந்து வருகிற டாட் ஒன்றும் இருக்கிறது. அதன் வாய் ஓர் அங்குலம், பாயிண்டிலிருந்து 6 அங்குலத் தூரத்தில். கை வளைவிலிருந்து கிளம்பி, பாயிண்ட் வழியாக இறங்கி, இடுப்பு விளிம்பில் முடிகிற தையல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாதையின் கீழ்ப்பாதியில் ஏற்கெனவே இடுப்பு டாட் நிற்கிறது, அதைத் தொட வேண்டியதில்லை. மேல்பாதிக்குத்தான் ஆள் தேவை.

கை வளைவில் தோளிலிருந்து மூன்று அல்லது மூன்றரை அங்குலம் இறங்கி ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து பாயிண்டுக்கு லேசாக வளைந்த ஒரு கோடு போட்டு, அதன்மேலேயே கத்தரியுங்கள். பக்க டாட்டை மூடினால் கை வளைவு திறக்கும். கை வளைவின் புள்ளி பாயிண்டிலிருந்து ஐந்தரை அங்குலத்தில் இருந்தால், வாய் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இப்போது மேலே ஒரு டாட், கீழே ஒரு டாட், இரண்டும் ஒரே பாயிண்டில் சந்திக்கின்றன. அந்த மயிரிழையையும் வெட்டிவிட்டால் முன்பாகம் நடுத் துண்டு, பக்கத் துண்டு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். இரண்டு டாட்டுக்கும் உரிய ஆப்பு வடிவங்கள் இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் வெற்றிடமாகப் போய்விட்டன. துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும்போது அந்த வெற்றிடம் மூடும், துணி மேடெடுக்கும். டாட் போன இடம் இதுதான்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பாயிண்டுக்கு மேலே ஒன்றரை அங்குலத்தில் ஒன்றும், கீழே ஒன்றரை அங்குலத்தில் ஒன்றுமாக, கோட்டின் குறுக்கே சின்னக் குறிகள் போட வேண்டும். இரண்டு துண்டுகளையும் பிரித்த பிறகு எந்த இடம் எந்த இடத்தோடு சேரும் என்பதை இந்தக் குறிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். துணியின் நேர் இழை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்ற அம்புக்குறியையும் இரண்டு துண்டிலும் அப்போதே போட்டுவிடுங்கள். பக்கத் துண்டு தனியாகிவிட்டால் எது நேர், எது சாய்வு என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். இழை சாய்ந்து வெட்டிய பக்கத் துண்டு, போட்டுத் துவைத்த பிறகு இழுபட்டு முறுக்கிக்கொள்ளும்.

பிரிந்த துண்டுகளைப் பார்த்தால் பாயிண்ட் இருக்கும் இடத்தில் பக்கத் துண்டு மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். நடுத் துண்டில் அதே இடம் லேசாக உள்வாங்கியிருக்கும். அப்படியே தைத்தால் மார்பு கூராக நிற்கும். டாட்டில் நுனியை ஓர் அங்குலம் முன்னால் நிறுத்திச் சமாளித்ததை இங்கே கோட்டை உருட்டிச் சமாளிக்கிறோம். மூக்கை வளைவாக மழுக்க வேண்டும், அரைக்கால் அங்குலம் போனால் போதும். அதற்குமேல் செதுக்கினால் மார்புக்கான இடமே குறைந்துவிடும்.

இங்கேதான் வேலை கெடும். என் வகுப்பில் ஒரு மாணவி, டாட் வைத்த ஜாக்கெட்டை நன்றாகத் தைப்பவர், முதல் பிரின்சஸ் கட்டை எடுத்துக்கொண்டு வந்தார். போட்டுப் பார்த்தால் மார்புக்கு மேலே, கை வளைவுப் பக்கம், துணி ஊதிக்கொண்டு நிற்கிறது. பாயிண்டில் பிடித்திருக்கிறது.

"டீச்சர், துணியை மேலே பிடித்துவிடட்டுமா?"

"முதலில் பிரித்துவிடு, இரண்டு துண்டையும் பேப்பர்மேல் வைத்துப் பார்ப்போம்."

பிரித்து வைத்ததும் தெரிந்துவிட்டது. மூக்கை மழுக்கும்போது, வளைவு அழகாக வர வேண்டும் என்று பாயிண்டில் அதிகமாகச் செதுக்கிவிட்டு, மேலே ஒன்றரை அங்குலம் தள்ளிப் புதிதாக ஒரு வயிறு வரைந்திருந்தார். உடம்பின் மேடு ஓரிடத்தில், துணியின் மேடு வேறிடத்தில். பாயிண்டில் வெட்டிப்போன துணியைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. தையலுக்கு விட்ட அரை அங்குலத்திலிருந்து கொஞ்சம் கடன் வாங்கி அந்த ஜாக்கெட்டை ஒப்பேற்றினோம். மழுக்கும்போது கோடு பழைய கோட்டை விட்டு வெளியே போகக் கூடாது, வயிறு பாயிண்டுக்கு நேராகத்தான் இருக்க வேண்டும் என்பதை அன்றைக்கு வகுப்பில் எல்லோருமே எழுதிக்கொண்டார்கள்.

மழுக்கிய பிறகு இரண்டு விளிம்புகளையும் அளந்து பார்ப்பது அடுத்த வேலை. டேப்பை நட்டுக்குத்தலாக, அதன் விளிம்பு கோட்டின்மேல் படும்படி நிறுத்தி, வளைவைப் பின்தொடர்ந்து அளக்க வேண்டும். டேப்பைப் படுக்கவைத்து அளந்தால் வளைவில் அளவு தப்பும். இன்னும் நல்ல வழி, ஒரு துண்டின் தையல் கோட்டை மற்றதன் கோட்டின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போவது. பக்கத் துண்டு கால் அங்குலம் வரை அதிகமாக இருக்கலாம். இரண்டு குறிகளுக்கு நடுவே அந்தக் கூடுதலை விரலால் தள்ளித் தள்ளி, சுருக்கம் விழாமல் தைத்து உள்ளே வாங்கிக்கொள்ளலாம். பருத்தி இதற்கு இடம் கொடுக்கும், மொரமொரவென்று நிற்கும் செயற்கைத் துணி கொடுக்காது. அரை அங்குலம் வித்தியாசம் வந்தால் தைத்துச் சரிக்கட்டப் பார்க்காமல் பேப்பரிலேயே திருத்திவிட வேண்டும். கடைசியாக இரண்டு துண்டுகளையும் கை வளைவில் சேர்த்துவைத்து, அந்த வளைவு உடையாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட வேண்டும்.

தைக்கும்போது நடுத் துண்டின் உள்வாங்கிய விளிம்பில், தையல் கோட்டுக்குச் சற்று வெளியே ஒரு காவல் தையல் ஓட்டிவிட்டு, அந்தத் தையல் வரை சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்தால் அது பக்கத் துண்டின் வளைவைச் சுற்றி விரிந்து கொடுக்கும். இஸ்திரி போடும்போது தட்டையான பலகைமேல் வைத்து அமுக்கக் கூடாது. ஒரு துண்டை இறுக்கமாகச் சுருட்டி அதன்மேல் வைத்துப் போடுங்கள். இவ்வளவு பாடுபட்டு எடுத்த மேட்டை இஸ்திரிப் பெட்டி ஒரே அமுக்கில் தட்டையாக்கிவிடும்.

பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. 1870களில் பாரிஸில் தையலகம் நடத்திய சார்லஸ் ஃபிரடெரிக் வொர்த் இந்த வெட்டைப் பரவலாக்கினார் என்றும், அப்போது வேல்ஸ் இளவரசியாக இருந்த அலெக்சாண்ட்ராவை ஒட்டி இந்தப் பெயர் வந்தது என்றும் சொல்வது வழக்கம். அந்தக் கவுன்களில் இடுப்பில் குறுக்குத் தையல் கிடையாது. தோளிலிருந்து கீழ் விளிம்பு வரை நீளத் துண்டுகளே உருவத்தைக் கொடுத்தன.

குறுக்காக ஓடுகிற தையலும் டாட்டை விழுங்கும். அதற்குப் பெயர் யோக். வீட்டில் ஜீன்ஸ் இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இடுப்புப் பட்டைக்குக் கீழே, பாக்கெட்டுக்கு மேலே, நடுவில் ஆழமாகவும் பக்கங்களில் குறுகலாகவும் ஒரு துண்டு இருக்கும். மற்ற பேன்ட், பாவாடையெல்லாம் பின்பக்கம் டாட் வைத்து இடுப்பைச் சிறுக்கவைக்கின்றன. ஜீன்ஸில் அந்த டாட் இந்த யோக்குக்குள் மூடப்பட்டிருக்கிறது. இடுப்பிலிருந்து டாட் எங்கே முடிகிறதோ அந்த உயரத்தில் பேட்டர்னைக் குறுக்கே வெட்டி, மேல் துண்டில் டாட்டை மூடி ஒட்டினால் மேல் விளிம்பு குறுகித் துண்டு வில்லாக வளைந்துவிடும். வளைந்த அந்த விளிம்பைக் கீழ்த் துண்டோடு சேர்த்துத் தைக்கும்போது உருவம் வந்துவிடும். தடித்த டெனிமில் டாட் பிடித்தால் மடிப்பு மொத்தையாக நிற்கும், யோக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஆண்கள் சட்டையின் பின் யோக்கும் இதே வகைதான், முதுகின் மேல்பகுதிக்கு வேண்டிய உருவம் அந்தத் தையலுக்குள் அடங்கியிருக்கும்.

யோக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. தையல் கோடு டாட்டின் நுனியைத் தொட்டுக்கொண்டோ அதற்கு மிக அருகிலோ ஓட வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் தள்ளி ஓடினால் பெரிதாகத் தெரியாது. அதைவிடத் தள்ளினால் டாட்டின் ஒரு பகுதி மிஞ்சி நிற்கும், அதற்கு வழி சொல்லியாக வேண்டும். பெல்ட் வைத்த ஜாக்கெட் இதற்கு நல்ல உதாரணம். நம் பேட்டர்னில் பாயிண்டுக்குக் கீழே 3 அங்குலத்தில் பெல்ட் தையல் ஓடினால், அந்த இடத்தில் டாட்டின் அகலம் முக்கால் அங்குலத்துக்கும் சற்று அதிகம். தையலுக்குக் கீழே உள்ள டாட் பகுதி பெல்ட் துண்டில் மூடிப்போய், பெல்ட் லேசான வில்லாகிறது. மேலே மிஞ்சியதை அங்கேயே சின்ன டாட்டாகப் பிடிக்கிறோம். பெல்ட்டை நேர்ப் பட்டையாக வெட்டினால் அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே நீளமாகிவிடும். அதனால்தான் இடை சிறுத்தவர்களுக்குக் கீழே பெல்ட் உடம்போடு ஒட்டாமல் நிற்கிறது. பெல்ட் லூசு என்று பக்கத் தையலில் பிடித்துக்கொண்டே போவதைவிட, பேட்டர்னில் அந்த ஆப்பை மூடிவிடுவது சரியான வைத்தியம்.

நைட்டியில் நடப்பது இதற்கு எதிர்ப்பக்கம். அங்கே யோக் மார்புக்கு மேலே, பாயிண்டைத் தொடாமல் ஓடுகிறது. அதனால் யோக்குக்குள் மூடுவதற்கு டாட் எதுவும் இல்லை. யோக்குக்குக் கீழுள்ள துண்டில், மேல் விளிம்பிலிருந்து பாயிண்ட் வரை வெட்டி, கீழே உள்ள டாட்டை மூடினால் மேல் விளிம்பு திறந்து நீளும். அந்தக் கூடுதல் நீளத்தைச் சுருக்கிப் பிடித்து யோக்கோடு தைக்கிறோம். பார்க்கிறவர்களுக்கு அது சுருக்கு, வெட்டியவர்களுக்கு அது டாட். ஒல்லியானவர்களுக்கு இந்தத் துல்லியம் இல்லாவிட்டாலும் நைட்டி விழும். மார்பு பெரியவர்களுக்குச் சுருக்கைத் தோள்பட்டைவரை சமமாகப் பரப்பினால் அக்குள் பக்கம் பொதபொதவென்று நிற்கும். சுருக்கின் பெரும்பகுதியைப் பாயிண்டுக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும்.

எல்லாத் துணிக்கும் பிரின்சஸ் கட் போடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெரிய புட்டா போட்ட பட்டுத் துணியில், கட்டம் போட்ட துணியில், முன்பாகத்தின் நடுவே எம்பிராய்டரி வைத்ததில் நீளத் தையல் ஓடினால் வடிவம் உடையும். மயிலுக்குக் கழுத்து ஒரு துண்டில், தோகை இன்னொரு துண்டில் போய்விடும். அங்கே டாட்டைக் கை வளைவுக்கோ பக்கத் தையலுக்கோ நகர்த்தி முன்பக்கத்தை முழுசாக விடுவதுதான் துணிக்கு மரியாதை. ஒரே நிறத் துணி, தடித்த புரோக்கேட், உடம்போடு பொருந்த வேண்டிய லைனிங் ஜாக்கெட் இவற்றுக்குப் பிரின்சஸ் கட் சிறப்பு. உள்ளே தாராளமாகத் துணி விட்டிருந்தால் உடம்பு கூடும்போது பக்கத் தையலோடு இந்த இரண்டு தையல்களிலும் பிரித்துவிடலாம். பிரிக்கும்போதும் வளைவு பாயிண்டுக்கு நேராகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் தைக்கக் கொடுக்கிறவர்களும் ஒன்று செய்யலாம். பிரின்சஸ் கட் ஜாக்கெட்டை முதல் முறை போட்டுப் பார்க்கும்போது, பக்கவாட்டில் திரும்பிக் கண்ணாடியைப் பாருங்கள். தையல் பாயிண்டின்மேல், அல்லது அதிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் இறங்குகிறதா? மேலே ஊதுகிறதா, பாயிண்டில் கூராக நிற்கிறதா? ஊதினால் வளைவு ஏறிவிட்டது, கூராக நின்றால் மழுக்கவில்லை. இதைச் சொல்லிக் கொடுத்தால் மாஸ்டருக்கு எங்கே பிரிக்க வேண்டும் என்று உடனே புரியும்.

நீங்களே வெட்டுகிறவரானால், அளவுக்குச் சரியாக அமைந்த முதல் பேட்டர்னை எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீர்கள். அதில் பாயிண்டைக் குறித்து, பெயரும் தேதியும் எழுதி ஆணியில் மாட்டிவிட்டு, நகலை மட்டும் வெட்டுங்கள். புது வெட்டை முதலில் காடாத் துணியில் ஓட்டிப் போட்டுப் பாருங்கள். பட்டுத் துணியில் கத்தரி வைப்பது அதற்குப் பிறகு.